பதினொரு முதல் வரிகள்

அன்று கூடியவர்கள் நான்கு பேர். தையல் கடையின் உள்ளறையில், துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஜன்னலுக்குப் பக்கத்தில் எங்கள் நான்கு தெருச் சங்கத்தின் தலைவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எந்த அறையிலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். அவருக்கு எதிரே, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்து முக்காலியில், விசில் சார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர், விசில் இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. தையல் இயந்திரத்தின் முன்னால் கடைக்குச் சொந்தக்காரி, என் நாத்தனார். கூட்டம் நடந்தாலும் பொத்தான் தைப்பதை நிறுத்த மாட்டாள். கதவோரத்து முனையில் கோப்போடு நான், செயலாளர். ஐந்தாவது நாற்காலியில் ஆள் இல்லை. பதாகை அச்சகத்துக்காரர் மாதிரிக்காகக் கொடுத்தனுப்பிய காகிதச் சுருள் அதில் சாய்ந்து கிடந்தது.

விளையாட்டு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பொருள் ஒன்றுதான்: பதாகையைப் பார்ப்பது, சரி என்றால் அச்சுக்குச் சொல்வது.

எங்கள் நான்கு தெருக்களுக்கும் போன வருடம் விழா நடக்கவில்லை. பதினாறு கடைகளுக்கு எழுதினோம், இரண்டு கடைகள்தான் தந்தன. அந்தக் கடிதத்தை எழுதியது நான் அல்ல. "தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிந்திருந்தது. இயன்றது என்று எழுதினால் யாருக்குத்தான் இயலும்? இந்த வருடம் அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். ஒரு கடிதம் எதைக் கேட்கிறது, எதைத் தருகிறது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் இரும்புக்கடைக்காரருக்கு மட்டும் எழுதினேன். வெற்றி பெறுவோருக்கான கேடயங்களைத் தங்கள் கடையின் சார்பில் வழங்கி உதவவேண்டும். நன்றியின் அடையாளமாக, மைதான நுழைவாயிலில் வைக்கும் பதாகையின் முதல் வரியில் தங்கள் கடையின் பெயர் இடம்பெறும். விழா நாளில் மூன்று முறை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் புகைப்படங்கள் நேரில் தரப்படும். பத்தாம் தேதிக்குள் பதில் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ஆரம்பத்தில் அவர் கடையைப் பாராட்டி ஒரு வரி, பிறகு இவ்வளவுதான் கடிதம். அன்று மாலையே அவர் கடைப் பையன் மூலமாகச் சம்மதம் சொல்லி அனுப்பினார். தலைவர் கடிதத்தை உரக்கப் படித்துவிட்டு, "ஏம்மா, கண்டக்டர் விசில் அடிச்சதும் வண்டி கிளம்புற மாதிரி இருக்கு. இதையே எல்லாக் கடைக்கும் கொடுத்துடு" என்றார்.

கொடுத்தேன். பெறுநர் பெயர், கேட்கும் பொருள் ஆகிய இரண்டு இடங்களையும் கோடிட்டுவிட்டு, பத்துப் பிரதி எடுத்து, கோடுகளைக் கையால் நிரப்பினேன். பத்துக் கடைகளும் ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்டன. மருந்துக்கடை முதலுதவிப் பெட்டியும் குளுக்கோசும். மின்சாமான் கடை ஒலிபெருக்கி. வாடகைக்கடை பந்தலும் நாற்காலியும். முடிதிருத்துபவர் ஓட்டத்தில் ஜெயிக்கிறவருக்கு ஒரு வருடத்துக்கு முடிவெட்டு. கேட்ட அத்தனை பேரும் கொடுத்த விழா எங்கள் நான்கு தெருவிலும் அதுவரை நடந்ததில்லை. அந்த வாரம் நான் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

விசில் சார் சுருளை எடுத்து மேசையில் விரித்தார். நாத்தனார் நான்கு மூலைகளிலும் கத்தரிக்கோல், நூல்கண்டு, மெழுகுக்கட்டி, தன் டீ டம்ளர் என்று வைத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் தலைவர். "ஆனா மேல என்ன, அச்சகத்துக்காரர் தன் பேரையே பெருசா போட்டிருக்கார்?"

"அடிக்கிறவர் அவருதானே. கை நீளம்," என்றாள் நாத்தனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடை அம்மா உள்ளே வந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் நான் எழுதிய கடிதம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அச்சகத்துக்குப் போயிருந்தேன், என் கடை ரசீதுப் புத்தகம் வாங்க. அங்க இந்தப் பதாகைய கம்ப்யூட்டர்ல பார்த்தேன். என் பேரு ஏழாவது வரியில இருக்கு. என்னப்பா இதுன்னு கேட்டா, அவரு ஒரு லெட்டர எடுத்துக் காட்டறாரு. அதே லெட்டர். வார்த்தைக்கு வார்த்தை." கடிதத்தை மேசையில் வைத்து, மாத்திரை எண்ணும் விரலால் ஒரு வரியைத் தொட்டார். "முதல் வரின்னா எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுதான் இருக்கும். செக்ரட்டரிம்மா, உங்க ஊர்ல எத்தனை?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோப்பைத் திறந்து என் நகல்களை எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. "பதாகையின் முதல் வரியில்." நான்கு, ஐந்து. பதினொன்று வரை புரட்டினேன். பதினோராவதிலும் இருந்தது.

நான் சரிபார்க்காமல் அனுப்பவில்லை. அதுதான் விஷயமே. ஒவ்வொரு பிரதியையும் மூலத்தின் பக்கத்தில் வைத்து, அளவுகோலை வரிவரியாக இறக்கிப் பார்த்தேன். தேதி சரி, எண் சரி, முத்திரை நேராக விழுந்திருக்கிறது, ஒற்று விடவில்லை. பதினொன்றும் மூலத்தோடு அச்சு அசலாக ஒத்திருந்தன. ஒத்திருந்ததில்தான் தப்பு.

விசில் சார் சிரித்துவிட்டார். "பதினொரு பேரும் கோல்டு மெடலா? என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரிசல்ட் வந்ததில்லை."

"சிரிக்காதீங்க சார்," என்றாள் நாத்தனார். பிறகு அவளே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "எங்க அண்ணிக்குத் தப்பே வராது. வந்தா மொத்தமா, டஜன் கணக்குல வரும்."

"டஜனுக்கு ஒண்ணு குறைச்சல்," என்றேன். வேறு என்ன சொல்வது.

தலைவர் இருமினார். "இதுல பெருசா என்ன இருக்கு? அகர வரிசைல போட்டுடலாம். கேட்டா, சங்கத்துல எடுத்த முடிவுன்னு சொல்லிக்கலாம். பஸ்ல முதல் சீட்டுன்னு சொல்லி பத்துப் பேரை ஏத்தினா, ஏறினவன் எல்லாம் எங்கயாவது உட்கார்ந்துதானே ஆகணும்?"

"நான் இறங்கிடுவேன்," என்றார் மருந்துக்கடை அம்மா. "பெட்டியும் தரமாட்டேன், குளுக்கோசும் தரமாட்டேன். வரியில என்ன இருக்குன்னு நினைக்காதீங்க. என் வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கடைய நான் எடுத்து நடத்தறது இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இன்னும் பழகல. 'ஐயா இல்லையா'ன்னுதான் கேக்கறாங்க. மேல என் பேரு இருந்தா ஒரு நாளாவது படிப்பாங்கன்னு நினைச்சேன்."

 நாத்தனார் பொத்தானைக் கீழே வைத்தாள்.

அந்தக் கடிதங்களில் தலைவரின் முத்திரை இருந்தது, ஆனால் கையெழுத்து என்னுடையது. கடைக்காரர்கள் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவர்கள்; என் எழுத்தை நம்பிப் பொருள் தர முன்வந்தவர்கள். இந்த ஒரு முறை வழுக்கினால், அடுத்த வருடம் என் கையெழுத்தோடு எந்தக் கடைக்குள் போனாலும் பிரிக்காமலே திருப்பித் தருவார்கள். விழாவும் போகும், என் எழுத்தின் பெயரும் போகும்.

"அகர வரிசை வேண்டாம் சார்," என்றேன். "எழுதினது எழுதினதுதான். பதினொரு பேருக்கும் முதல் வரி கொடுத்துடலாம்."

"எங்க இருந்து கொடுப்ப? வானத்துல எழுதுவியா?"

"விசில் சார், மொத்தம் எத்தனை போட்டி?"

அவர் விரல் விட்டார். நூறு மீட்டர், தொடர் ஓட்டம், சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஓட்டம், நாற்காலிப் போட்டி, மெதுவாக சைக்கிள் ஓட்டுவது, நீளம் தாண்டுவது, குண்டு எறிவது, கயிறு இழுப்பது. ஒன்பது.

"ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு பதாகை. ஒவ்வொண்ணுலயும் ஒரு கடை மேல, மத்த பத்தும் கீழ சின்ன எழுத்துல. ஒண்ணா பெரிய பதாகை வேண்டாம்."

"நுழைவாயில்ல வைப்போம்னு எழுதியிருக்கியே," என்றார் தலைவர். ஓட்டுநர் கண், எதையும் விடாது.

"காலைல பதினொண்ணும் வாயிலுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நிக்கும். அந்தந்தப் போட்டி ஆரம்பிக்கும்போது, அதோடது அங்க போகும்."

விசில் சார் முக்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அவருக்கு வேகம் வந்துவிட்டது. "ஒன்பது பத்தலையே. இன்னும் ரெண்டு போட்டி சேர்த்துக்கலாம். அம்மாக்களுக்கு ஸ்கிப்பிங். அறுபது வயசுக்கு மேல நடைப் போட்டி. ஓடினா பிடிச்சிடுவேன், நடக்கணும்."

"நடைப் போட்டிக்கு நானும் வரலாமா?" என்று தலைவர் கேட்டார். அகர வரிசையை அவரே மறந்துபோனார்.

மருந்துக்கடை அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார், சுருள் கிடந்த அந்த நாற்காலியில். "எனக்கு சாக்கு ஓட்டம் கொடுங்க. விழறவங்க எல்லாம் எப்படியும் எங்கிட்டதான் வரணும்."

அச்சகத்துக்காரரை ஃபோனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் குரலில் சூடு இருந்தது. மன்னிப்புக் கேட்டேன், விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம். "உங்க பெரிய பதாகை இருபத்திரண்டுக்கு ஆறு. நூத்தி முப்பத்திரண்டு சதுர அடி. ஆறுக்கு ரெண்டுன்னு வெட்டினா பன்னிரண்டு அடி, பதினோரு துண்டு. நூத்தி முப்பத்திரண்டு!" அவரே சந்தோஷப்பட்டுவிட்டார். "ஷீட் ஒண்ணுகூட வீணாகாது. கம்பு சொருக ஓரம் மட்டும் உங்க நாத்தனாரைத் தைக்கச் சொல்லுங்க."

"சொல்லுவாரு, ஏன் சொல்லமாட்டாரு," என்றாள் நாத்தனார். ஆனால் அதற்காக இரண்டு ரவிக்கைகளைத் தள்ளிவைத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் ஆபீஸ் விட்டதும் கடை கடையாக ஏறினேன். ஒவ்வொரு படியிலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "உங்களுக்கு எழுதினதையே இன்னும் பத்துப் பேருக்கும் எழுதிட்டேன். தப்பு என்னுது." இதைச் சொன்ன பிறகு ஆச்சரியமாகப் பாதிப் பேருக்குக் கோபம் வரவில்லை. எந்தப் போட்டி என்பதில்தான் வந்தது.

செருப்புக்கடைக்காரருக்கு நூறு மீட்டர் என்று வைத்திருந்தோம். "ஏங்க, செருப்பைக் கழட்டி வீசிட்டு ஓடுறதுக்கு என் கடைப் பேரா? நடைப் போட்டிய எனக்குத் தாங்க. அறுபது வயசுக்காரங்க வெறுங்கால்ல நடக்கமாட்டாங்க." சைக்கிள் கடைக்காரர் மெதுவாக ஓட்டும் போட்டியைக் கேட்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என் வண்டி மெதுவா போகும்னு ஊரைக் கூட்டிச் சொல்லப்போறீங்க?" அதைத் தண்ணீர் கேன் கடைக்குக் கொடுத்தோம், நூறு மீட்டரை அவருக்குக் கொடுத்தோம். நாற்காலிப் போட்டிக்கு இரண்டு பேர் போட்டி. வாடகைக்கடைக்காரர், நாற்காலியே தன்னுடையது என்றார். முடிதிருத்துபவர், "அவரு நாற்காலில யாரு வேணா உட்காரலாம். என் நாற்காலில உட்கார வரிசைல நிக்கணும்" என்றார். வாடகைக்கடைக்காரர் சிரித்து விட்டுக்கொடுத்தார். இப்படியாகப் பத்து. ஒவ்வொருவருக்கும் புதிய தாளில் எழுதித் தந்து, படித்துக் காட்டி, சரி என்ற பிறகே இறங்கினேன்.

இரும்புக்கடைக்குப் புதன்கிழமை போனேன். கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம் பயம்தான். மூலக் கடிதம் அவருடையது. மற்றப் பத்தும் அவருடையதன் நகல்.

அவர் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு நிற்கும்வரை நிமிரவில்லை.

"கேள்விப்பட்டேன்," என்றார். "தெரு முழுக்க முதல் வரியாமே."

"ஆமாங்க. தப்பு என்னுதுதான்."

"நான் இந்த இடத்துல இருபத்தாறு வருஷமா கடை வச்சிருக்கேன். எல்லாச் சங்கத்துல இருந்தும் லெட்டர் வரும். அச்சடிச்சது, பேரு எழுதற இடத்துல புள்ளி புள்ளியா. உங்களுது அப்படி இல்ல. 'தங்கள் கடையின் ஆணி இல்லாத கதவு இந்த நான்கு தெருக்களில் இல்லை'ன்னு ஒரு வரி. வீட்டுல படிச்சுக் காட்டினேன். என் மருமகள், 'மாமா, உங்களைப் பார்த்து எழுதியிருக்காங்க'ன்னா." பொட்டலத்தை மடித்துக் கட்டினார். "அப்புறம் பேக்கரிக்காரன் வந்து அவனுக்கு வந்ததைக் காட்டறான். 'தங்கள் கடையின் பன் இல்லாத காலை'ன்னு ஏதாவது இருக்கும்னு பார்த்தா, அவனுக்கும் ஆணிதான் போட்டிருக்கு."

காது சூடானது. அந்த வரியை நான் கவனிக்கவே இல்லை. மூலத்தோடு ஒத்திருந்தது, விட்டுவிட்டேன். பேக்கரிக்குப் புதுக் கடிதம் கொடுத்தபோதும், மற்ற ஒன்பது பேரைப் போலவே, அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர். அல்லது மாவு பிசைகிற அவசரம்.

"அவரு என்ன சொன்னாரு?" என்றேன்.

"'பன்னுல ஆணி கிடக்குன்னு எழுதாம விட்டாங்களே'ன்னான்." அவரும் சிரித்தார், ஆனால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். "கேடயம் எல்லாம் ஆர்டர் கொடுத்தாச்சு. வாக்கு மாறமாட்டேன். கயிறு இழுக்கறதுன்னா சரி, கயிறும் நானே தரேன். ஆனா மத்தவங்களுக்கு எல்லாம் புதுசா எழுதிக் கொடுத்தீங்களாம். எனக்கு கையோட கொண்டு வரலியே?"

"கேட்டுட்டு எழுதலாம்னு..."

"எழுதுங்க. மெதுவா எழுதுங்க. எனக்குன்னு எழுதினதா இருக்கணும். அது வந்ததும், உங்க பதாகைல என் பேரைப் போட்டுக்கோங்க. அதுவரைக்கும் போடவேண்டாம்."

வியாழக்கிழமை காலைக்குள் அச்சகத்துக்குப் பதினோரு பெயரும் போகவேண்டும். அவர் கடையில் இருந்து நேரே தையல் கடைக்கு வந்தேன். நாத்தனார் வெட்டு மேசையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தாள். தலைவரும் விசில் சாரும் ஏற்கனவே அங்கே இருந்தார்கள், நடைப் போட்டியின் விதிகளைப் பற்றிச் சண்டை: குதிகால் தரையில் படவேண்டுமா, கூடாதா.

மூலத்தை எடுக்கவில்லை. வெள்ளைத் தாளில் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எழுதினேன். பிறகு பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணி, நகல் எடுக்க எதுவும் இல்லாம கை ஓடலையா?" என்றாள் நாத்தனார்.

"பேசாம தை."

எழுதினேன். முந்தைய கடிதத்தில் தங்களுக்கு மட்டும் உரிய சொற்கள் பிறருக்கும் சென்றது என் கவனக்குறைவு, அதற்கு வருந்துகிறேன். கயிறு இழுக்கும் போட்டி விழாவின் கடைசிப் போட்டியாக மாலை ஐந்து மணிக்கு நடைபெறும். அப்போது மைதானத்தில் இருக்கும் அனைவரும் அங்கேதான் இருப்பார்கள். அந்தப் போட்டியின் பதாகையில் முதல் வரியில் தங்கள் கடையின் பெயர் மட்டும் இருக்கும். ஆறு அணிகள் இழுக்கப்போவது தாங்கள் தரும் கயிறு. அது அறுந்ததில்லை என்பதை இந்த நான்கு தெருக்களும் கிணற்றடியிலும் கட்டட வேலையிலும் பார்த்திருக்கின்றன. வெற்றி பெறும் அணிக்குக் கேடயத்தைத் தங்கள் கையால் தாங்களே வழங்கவேண்டும் என்று சங்கம் விரும்புகிறது.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுத் தலைவரைப் பார்த்தேன். "கேடயம் நீங்கதானே எப்பவும் கொடுப்பீங்க?"

"நான் நடைப் போட்டில இருக்கேன்மா. ஜெயிச்சா எனக்கு யாரு கொடுப்பாங்க? எழுது."

இந்த முறை அளவுகோல் எடுக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியமாக உரக்கப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் மூவரையும் கேட்டேன்: இதை நம்மால் செய்யமுடியுமா? ஐந்து மணி என்பதற்கு விசில் சார், "ஐந்தே கால்னு போடுங்க, தொடர் ஓட்டம் எப்பவும் இழுக்கும்" என்றார். மாற்றினேன். ஆறு அணியா என்றேன். நாத்தனார் விரல் விட்டு எண்ணி, "பெண்கள் அணியையும் சேர்த்தா ஏழு. சேர்த்துக்கோ, நான் இருக்கேன்" என்றாள். மாற்றினேன். இரண்டு திருத்தத்தோடு அனுப்பக்கூடாது என்று முழுவதையும் புதுத் தாளில் மறுபடி எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தலைவர் முத்திரையை மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார்.

மருந்துக்கடை அம்மா கடையைப் பூட்டிவிட்டுப் போகிற வழியில் எட்டிப்பார்த்து, கடிதத்தை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு எழுதினது இதைவிட நல்லா இருந்தது," என்றார்.

"மத்த ஒன்பது பேரும் அவங்கவங்க லெட்டரை அப்படித்தாம்மா சொல்றாங்க," என்றேன். அந்த வாரத்தில் நான் பெருமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அது. பொய்யும் இல்லை. பத்துக் கடிதங்கள், ஒன்றில் இருந்த ஒரு வரி இன்னொன்றில் இல்லை.

தாளை மூன்றாக மடித்தேன். உறையில் இட்டு, ஓரத்தில் பசை தடவி, உள்ளங்கையால் அழுத்திப் பத்து எண்ணினேன். மேலே அவர் கடையின் பெயரைப் பெரிய எழுத்தில், நடுவில் எழுதினேன். தலைவர் உறையைச் சட்டைப்பைக்குள் வைத்து, ஸ்கூட்டரின் கிக்கரை மூன்று முறை மிதித்தார். நான்காவதில் கிளம்பியது. முதல் திருப்பத்தில் கை காட்டி, ஆள் இல்லாத தெருவுக்கும் ஹாரன் அடித்துவிட்டு, இரும்புக்கடைப் பக்கம் திரும்பினார்.